நற்றிணைப் புன்னையைச் சூழலியல் நோக்கில் வாசிப்பது எப்படி? இளங்கலைக் கட்டுரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

'மனிதரும் சுற்றுச்சூழலும்' என்ற தாளுக்காக மாணவர்கள் எழுதித் தரும் கட்டுரைகளில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: "சங்கத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர்." கீழே ஒரு பாட்டு மேற்கோளாக இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்த வாக்கியத்தை எந்தச் சங்கப் பாட்டுக்கு மேலும் ஒட்டிவிடலாம். அதனால்தான் அது அந்தப் பாட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, முதல் வாசிப்பிலிருந்து கட்டுரையின் ஒரு பத்தி வரைக்கும் எப்படிப் போவது என்று இங்கே காட்டுகிறேன். நான் எடுத்துக்கொள்வது நற்றிணையின் 172ஆம் பாட்டு. பத்தே வரிகள். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. ஒரு மரத்தைத் 'தங்கை' என்று சொல்லும் பாட்டு என்பதால் சூழலியல் பேசுகிறவர்கள் எல்லோரும் இதைத் தொடுகிறார்கள். பெரும்பாலோர் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடுவதால், உங்களுக்கு இன்னும் நிறைய இடம் மிச்சம் இருக்கிறது.

பாட்டைக் கையில் எடுப்பது

விளையாடு ஆயமொடு வெண்மணல் அழுத்தி
மறந்தனம் துறந்த காழ்முளை அகைய
நெய்பெய் தீம்பால் பெய்துஇனிது வளர்த்தது
நும்மினும் சிறந்தது நுவ்வை ஆகும் என்று
அன்னை கூறினள் புன்னையது நலனே
அம்ம நாணுதும் நும்மொடு நகையே
விருந்தின் பாணர் விளர்இசை கடுப்ப
வலம்புரி வான்கோடு நரலும் இலங்குநீர்த்
துறைகெழு கொண்க நீ நல்கின்
இறைபடு நீழல் பிறவுமார் உளவே

முதலில் எளிய தமிழில் சொல்லிப் பாருங்கள். தோழிகளோடு விளையாடும்போது ஒரு புன்னை விதையை வெள்ளை மணலில் அழுத்தி வைத்தோம். மறந்துவிட்டுப் போய்விட்டோம். அது முளைத்தது. நெய் கலந்த இனிய பாலை ஊற்றி அருமையாக வளர்த்தோம். "இது உங்களைவிடச் சிறந்தது, உங்கள் தங்கை" என்று அம்மா அந்தப் புன்னையின் பெருமையைச் சொன்னாள். அதனால் இதன் அடியில் உன்னோடு சிரித்து விளையாட எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. புதிதாக வந்த பாணர்களின் மெல்லிய இசைபோல வலம்புரிச் சங்கு ஒலிக்கும் துறையை உடைய தலைவனே, நீ அன்பு காட்டுவதானால் தங்குவதற்கு வேறு நிழல்களும் இருக்கின்றன.

இந்தப் பொழிப்பை உரைநூலிலிருந்து எடுத்து எழுதாமல் நீங்களே எழுதுங்கள். எந்தச் சொல்லில் தடுமாறுகிறீர்களோ அங்கேதான் பெரும்பாலும் கட்டுரைக்கான விஷயம் இருக்கும். குறைந்தது இரண்டு பதிப்புகளையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1915இல் வெளிவந்த பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரை ஒன்று, ஔவை துரைசாமிப் பிள்ளை உரை ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். சங்கப் பாட்டுகளில் பாடவேறுபாடு சகஜம். ஒரு பதிப்பைத் தேர்ந்து, கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

பாட்டுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் சிறு எழுத்தை யாரும் படிப்பதில்லை. அதற்குக் கூற்றுக் குறிப்பு என்று பெயர். இந்தப் பாட்டுக்கு அது சொல்வது: "பகற்குறி வந்த தலைமகனைத் தோழி வரைவு கடாயது, குறிபெயர்த்தீடும் ஆம்." அதாவது, பகலில் இரகசியமாகச் சந்திக்க வந்த தலைவனிடம் தோழி, திருமணம் செய்துகொள் என்று வற்புறுத்துகிறாள். இல்லையென்றால், சந்திக்கும் இடத்தை மாற்று என்கிறாள். குறிப்பைத் தொகுத்தவர்கள் பிற்காலத்தவர், அதனால் அது பாட்டின் பகுதி ஆகாது. ஆனாலும் அதைத் தள்ளிவிட முடியாது. மரம் என் சகோதரி என்று ஒருத்தி உருகிச் சொல்கிறாள் என்று நாம் நினைக்கும் இடத்தில், அவள் ஒரு காரியத்துக்காகப் பேசுகிறாள் என்று அந்தக் குறிப்பு நினைவூட்டுகிறது. இதை ஓரமாகக் குறித்து வையுங்கள், பின்னால் வேண்டும்.

கோட்பாட்டைத் தொடுவதற்கு முன் வினைச்சொற்களை எண்ணுங்கள்

சூழலியல் திறனாய்வு என்றால் என்ன என்று முதல் பக்கத்திலேயே வரையறை எழுதத் தொடங்காதீர்கள். முதலில் ஒரு தாளை எடுத்து, பாட்டில் வரும் ஒவ்வொரு வினையையும், அதைச் செய்வது யார் என்பதையும் எழுதுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகும். என் அனுபவத்தில் இதைவிடப் பயன் தரும் வேலை வேறில்லை.

அழுத்தியது நாம். மறந்தது நாம். துறந்தது நாம். அகைந்தது, அதாவது முளைத்துத் தழைத்தது, விதை. பாலைப் பெய்ததும் வளர்த்ததும் மனிதர். கூறியது அன்னை. நாணுவது நாம். நரல்வது சங்கு. நல்க வேண்டியவன் நீ. கடைசியில் 'உள' என்பது நிழல்களுக்கு.

இப்போது பட்டியலைப் பாருங்கள். புன்னை தானாகச் செய்யும் வேலை பாட்டு முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான்: அகைதல். அது எங்கே வருகிறது? 'மறந்தனம் துறந்த' என்பதற்கு நேர் பின்னால். மனிதர் கவனம் இல்லாத இடைவெளியில்தான் மரம் உயிர் பெறுகிறது. பால் ஊற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு. உறவுப் பெயர் அதற்கும் பிறகு. மறதி, முளை, பராமரிப்பு, உறவு, நாணம் என்ற வரிசை. மரத்தை நாம்தான் உண்டாக்கினோம் என்று பாட்டு சொல்லவில்லை. நாம் விட்டுப்போனதைத்தான் பிறகு வந்து தத்து எடுத்துக்கொண்டோம் என்கிறது. இந்த வரிசை உங்களுக்குத் தெரிந்துவிட்டால் கட்டுரையின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

அடுத்தது இலக்கணம். தமிழ் நமக்கு ஒரு வசதியைத் தருகிறது: உயர்திணை, அஃறிணை என்ற பிரிவு பெரும்பாலான படர்க்கை வினைமுடிவுகளில் தெரியும். 'நுவ்வை' என்பது உறவுப் பெயர், மனிதருக்கு உரியது. ஆனால் அதற்கு முன்னால் 'சிறந்தது' என்றுதான் வருகிறது, 'சிறந்தாள்' என்று வரவில்லை. மகிழ்ச்சியிலோ சிறப்பிலோ திணை மாற்றிச் சொல்வது வழுவன்று என்று நன்னூல் இடம் கொடுக்கிறது: "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே." நன்னூல் மிகவும் பிற்பட்டது என்றாலும், கன்றுக்குட்டியை 'என் கண்ணு வந்தாள்' என்று சொல்லும் வழக்கத்தைத்தான் அது விதியாக்குகிறது. பாட்டில் வரும் அம்மாவும் அப்படிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெயரால் மரத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுவருகிறாள், வினையில் அதை மரமாகவே விட்டு வைக்கிறாள். தங்கையாகவும் மரமாகவும் ஒரே வரியில் நிற்கிறது புன்னை. மரத்தை மனுஷியாக மாற்றிவிட்டார் என்று எழுதப் போகிறவர்கள் இந்த 'அது'விடம் வந்து நிற்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'என்று அன்னை கூறினள்' என்பதில், அம்மாவின் பேச்சு எங்கே தொடங்குகிறது? நான்காம் வரியிலா, முதல் வரியிலா? பழந்தமிழில் மேற்கோள் குறி கிடையாது. நான்காம் வரியில் தொடங்கினால், விதையை மறந்தவர்கள் இந்தப் பெண்கள். மரம் அவர்களுக்குப் பின் பிறந்தது, தங்கை. முதல் வரியிலேயே தொடங்கினால், அம்மா தன் சிறுவயது விளையாட்டைச் சொல்கிறாள். மரம் இந்தப் பெண்களுக்கு முன்பே இருந்தது, அக்கா என்றுகூடச் சொல்லலாம். இரண்டு வகையாகவும் பொருள் கொள்கிறார்கள். முதல் வாசிப்பில் மரமும் பெண்களும் ஒரே காலத்தில் வளர்கிறார்கள். இரண்டாவதில் மரம் ஒரு தலைமுறையின் நினைவை அடுத்ததற்குக் கொண்டுவருகிறது. எதை எடுத்துக்கொண்டாலும் சரி, ஏன் என்று ஒரு வாக்கியமாவது எழுதுங்கள். நான் முதல் வாசிப்பை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் 'நுவ்வை' என்பது உடன்பிறந்த இளையவளைக் குறிக்கும் சொல்லாக உரைகளில் கொள்ளப்படுகிறது.

புன்னையைப் போய்ப் பாருங்கள்

கவிதையில் வரும் மரம் உண்மையில் ஒரு மரமும்கூட. தாவரவியலில் அதன் பெயர் கேலோஃபில்லம் இனோஃபில்லம். கடற்கரை மணலில் செழிக்கும், உப்புக் காற்றைத் தாங்கும், எப்போதும் பசுமையாக இருக்கும். தடித்த பளபளப்பான இலைகள், நெருக்கமான நிழல். வெள்ளைப் பூவின் நடுவில் மஞ்சள் மகரந்தம். காய் உருண்டை, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரியது. உள்ளே கெட்டியான ஓட்டுக்குள் எண்ணெய்ப் பருப்பு. காய் கடல் நீரில் மிதந்து போகும், வௌவாலும் தூக்கிக்கொண்டு போகும். சென்னையிலும் கோயில் வளாகங்களிலும் கடற்கரைச் சாலைகளிலும் புன்னை இருக்கிறது. கட்டுரை எழுதும் வாரத்தில் ஒரு தடவை அதன் அடியில் போய் நில்லுங்கள்.

இதனால் என்ன பயன்? மூன்று இடங்களில் பாட்டு திறக்கும். முதலாவது, 'காழ்' என்ற சொல். கெட்டியான விதை என்று அதற்குப் பொருள். ஓடு கெட்டியாக இருப்பதால் புன்னை விதை முளைக்கத் தாமதமாகும். விளையாட்டில் புதைத்தவர்கள் மறந்துபோகும் அளவுக்கு நேரம் ஆகும் என்பது மரத்தின் இயல்போடு பொருந்துகிறது. இரண்டாவது, நிழல். நெருக்கமான இலைகளால் புன்னையடி மறைவான இடம். பகற்குறிக்கு அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாவது, முரண்பாடு. புன்னைக் கன்றுக்கு நெய்யும் பாலும் தேவையில்லை. அது குழந்தைக்கு ஊட்டும் உணவு. மரத்துக்கு வேண்டியதை மரத்திடம் கேட்டுக் கொடுக்கவில்லை, குழந்தைக்குக் கொடுப்பதையே கொடுத்திருக்கிறார்கள். பராமரிப்பு உண்மையானதுதான், அதன் வடிவம் மட்டும் மனிதருடையது. சூழலியல் வாசிப்பில் இந்த மாதிரி இடம் தங்கம் மாதிரி. இங்கே அன்பும் தெரிகிறது, மனிதமையப் பார்வையும் தெரிகிறது.

இங்கே ஒரு எல்லையும் உண்டு. கடற்கரை ஊருக்குப் பால் எங்கிருந்து வந்தது, முல்லை நிலத்தோடு பண்டமாற்று இருந்ததா என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், நல்ல கேள்விதான். ஆனால் இந்தப் பாட்டில் அதற்குப் பதில் இல்லை. வேறு சான்று கிடைக்காதவரை அது உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும்.

இப்போது கோட்பாடு

சூழலியல் திறனாய்வு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 1978இல் வில்லியம் ரூக்கர்ட் தன் கட்டுரையில் பயன்படுத்தினார். 1990களில்தான் அது தனித் துறையாக வளர்ந்தது. இந்த வரலாறு உங்கள் கட்டுரையில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். கருவியாகப் பயன்படுவது லாரன்ஸ் பியூயெல் 1995இல் முன்வைத்த நான்கு அளவுகோல்கள். சுருக்கமாகச் சொன்னால்: மனிதரல்லாத சூழல் வெறும் பின்னணியாக இல்லாமல், மனித வரலாறும் அதற்குள் சிக்கியது என்று உணர்த்துகிறதா? மனித நலன் மட்டுமே நியாயமான நலன் என்று நினைக்காமல் இருக்கிறதா? சூழலுக்கு மனிதர் பொறுப்பு என்பது படைப்பின் அறத்தில் சேர்ந்திருக்கிறதா? சூழலை நிலையான பொருளாக இல்லாமல் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றாகக் காட்டுகிறதா?

இவற்றை ஆமாம் இல்லை என்று டிக் போடுவது பெரிய தவறு. எந்தக் கேள்விக்குப் பாட்டு தடுமாறுகிறதோ அதைப் பிடியுங்கள். முதல் கேள்விக்கும் நான்காவதற்கும் 172 நன்றாகவே பதில் சொல்கிறது: விதை, முளை, மரம் என்று காலம் ஓடுகிறது, மரம் இல்லாவிட்டால் பேச்சே இல்லை. மூன்றாவதற்கு 'நாணுதும்' என்ற ஒரே சொல் பதில். மரத்தின் முன் நடந்துகொள்ளும் முறைக்கு ஒரு வரம்பு வந்துவிடுகிறது. இரண்டாவது கேள்விதான் சிக்கல். மரத்தின் நலன் என்று ஏதாவது இங்கே பேசப்படுகிறதா? மரத்துக்குக் கெடுதல் வரப்போவதாக யாரும் சொல்லவில்லை. பேசப்படுவது பெண்களின் கூச்சம்.

தமிழ் மாணவர்களுக்கு இன்னொரு கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதுதான் திணை. முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் பிரிப்பதை வைத்து, நிலமும் பொழுதும், அங்கே வாழும் உயிர்களும், மனித உணர்வும் ஒன்றோடொன்று கட்டுண்ட ஒரு முழுமையாகத் திணையைப் பார்க்கலாம் என்று நிர்மல் செல்வமணி போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் திணை என்ற சொல்லை எழுதிவிட்டாலே வாசிப்பு முடிந்துவிடாது. 'நெய்தல் திணை, கருப்பொருள்: புன்னை, சங்கு' என்று பட்டியல் போடுவது பள்ளித் தேர்வு விடை. கருப்பொருள் உரிப்பொருளின் மேல் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதுதான் கட்டுரை. இந்தப் பாட்டில் புன்னை என்ற கருப்பொருள் காதலரின் செயலைத் தடுத்தே விடுகிறது. சங்கப் பாட்டுகளில் பெரும்பாலும் கருப்பொருள் உணர்வுக்கு உவமையாகவோ சாடையாகவோ நிற்கும். இங்கே அது குறுக்கே நிற்கிறது.

தொல்காப்பிய மரபியலில் ஒரு நூற்பாவையும் பாருங்கள்: "புல்லும் மரனும் ஓரறிவினவே, பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே." மரத்துக்கும் அறிவு உண்டு, தொடு உணர்வு. ஆனால் அறிவின் படிவரிசையில் மரம் கீழே, மனிதர் மேலே. அந்தப் படிவரிசைப் பின்னணியில் 'நும்மினும் சிறந்தது' என்ற ஒப்பீட்டை வைத்துப் பாருங்கள். ஓரறிவு உயிரை ஆறறிவுப் பெண்களுக்கு மேலே தூக்கி வைக்கிறாள் அம்மா. குழந்தைகளை அதட்ட எல்லா அம்மாக்களும் செய்வதுதான் என்று சொல்லலாம், 'உன் தங்கையைப் பார்' என்பது மாதிரி. அப்படியே இருந்தாலும், அந்த ஒப்பீட்டில் உட்கார ஒரு மரத்துக்கு இடம் கிடைத்திருக்கிறதே, அதுதான் கவனிக்க வேண்டியது.

பாட்டுக்கு எதிராகவும் படியுங்கள்

இந்தப் படியைச் செய்யாமல் விட்டுவிடுகிற கட்டுரைகள் எல்லாம் புகழுரையாக முடிகின்றன. இரண்டு பக்கமிருந்து எதிர்ப்பு வர வேண்டும்: ஒன்று பாட்டுக்குள்ளிருந்து, இன்னொன்று வெளியிலிருந்து.

உள்ளிருந்து வருவது கடைசி வரி. 'இறைபடு நீழல் பிறவுமார் உளவே.' வேறு நிழல்களும் இருக்கின்றன. கவனியுங்கள், வேறு மரங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, நிழல் என்கிறாள். வளர்த்த ஒரு புன்னை தங்கை. மற்ற மரங்களுக்குப் பெயர் இல்லை, அவை தங்குவதற்கான நிழல் மட்டும். உறவு இயற்கை முழுவதற்கும் பரவவில்லை. பால் ஊற்றிய ஒரு மரத்தோடு நின்றுவிட்டது. 'இயற்கையைச் சகோதரியாகக் கண்ட பண்பாடு' என்ற வாக்கியம் இந்த வரியில் உடைகிறது. எனக்கு இந்தப் பாட்டு இங்கேதான் இன்னும் பிடித்துப்போகிறது. அது பொய் சொல்லவில்லை. நாமும் வாசலில் நட்ட வேம்பை வெட்ட மனம் வராமல், சாலைக்காக எங்கோ வெட்டப்படும் ஆயிரம் மரங்களைச் செய்தியாகப் படிக்கிறோம்.

கூற்றுக் குறிப்பையும் இங்கே கொண்டு வாருங்கள். மரத்தின் உறவு, தலைவனைத் திருமணத்தின் பக்கம் தள்ளும் நெம்புகோலாகிறது. அப்படியென்றால் மரத்தின் மேல் உள்ள பாசம் பொய்யா? இல்லை. காரணமாகச் சொன்னால் தலைவன் ஏற்றுக்கொள்வான் என்று தோழி நம்புகிறாள், அதனால்தான் சொல்கிறாள். 'மரம் எங்கள் தங்கை' என்பது கேட்பவனுக்குப் பைத்தியக்காரப் பேச்சாகத் தோன்றாத ஓர் உலகம் அது. சாக்காகச் செல்லுபடியாகும் அளவுக்கு அந்த உணர்வு பொதுவில் இருந்திருக்கிறது.

வெளியிலிருந்து வரும் எதிர்ப்புக்கு வேறு சங்கப் பாட்டுகளைத் தேடுங்கள். பட்டினப்பாலை கரிகாலனைப் புகழும்போது "காடு கொன்று நாடாக்கி" என்கிறது. 'கொன்று' என்ற சொல்லைக் கவனியுங்கள், காட்டுக்கு உயிர் உண்டு என்று தெரிந்தே அதைக் கொல்வதைப் பாராட்டுகிறார்கள். இன்னும் கடுமையானது குறுந்தொகை 292, பரணர் பாட்டு. குளிக்கப் போன பெண் ஒருத்தி ஆற்றில் மிதந்து வந்த பசுங்காயைத் தின்றுவிடுகிறாள். அதற்குத் தண்டமாக எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்குப் பொன்பாவையும் தருவதாகச் சொல்லியும் நன்னன் அவளைக் கொன்றான். அந்தக் காய் அவனுடைய காவல்மரத்து மாங்காய் என்று உரை மரபு சொல்கிறது. ஒரு பாட்டில் மரம் பெண்ணுக்குத் தங்கையாகிறது. இன்னொன்றில் மரம் அரசனின் அதிகாரச் சின்னமாகி, பெண்ணின் உயிரைவிடப் பெரிதாகிறது. மரத்தை மதிப்பது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. யார் மதிக்கிறார்கள், எதற்காக, அதற்கு விலை கொடுப்பது யார் என்றும் கேட்க வேண்டும். இந்த ஒரு ஒப்பீட்டை இரண்டு பத்திகளில் செய்தால் போதும். பத்துப் பாட்டுகளை அடுக்க வேண்டாம்.

இன்றைய காலத்துக்குத் தாவும்போது மட்டும் நிதானம் தேவை. காலநிலை மாற்றம், பல்லுயிர் அழிவு எல்லாம் இந்தப் பாட்டுக்குத் தெரியாது. 'சங்கப் புலவர் அன்றே எச்சரித்தார்' என்று எழுதினால் மதிப்பெண் குறையும், குறையவும் வேண்டும். பாட்டில் எச்சரிக்கையே இல்லை. இன்று நாம் இதைப் படிக்கும்போது எந்தக் கேள்வி எழுகிறது என்று எழுதுங்கள், அது நேர்மை.

வாதத்தை ஒரு வாக்கியமாக்குவது

இதுவரை சேர்த்த குறிப்புகளிலிருந்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். யாராவது மறுக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். 'நற்றிணை 172 இயற்கைக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைக் காட்டுகிறது' என்பதை யாராலும் மறுக்க முடியாது, அதனால் அது வாதமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'நற்றிணை 172இல் மரத்தோடான உறவு பிறப்பால் வருவதில்லை, மறந்துவிட்டதைத் திரும்ப எடுத்து வளர்த்ததால் வருகிறது; அதனாலேயே அது மனித நடத்தைக்கு வரம்பு போடும் வலிமை பெறுகிறது, அதனாலேயே வளர்க்காத மரங்களுக்கு நீளாமலும் போகிறது.' இதில் ஒவ்வொரு பகுதிக்கும் பாட்டில் ஒரு வரி இருக்கிறது. முதல் பகுதிக்கு 1 முதல் 3 வரை, இரண்டாவதற்கு 6, மூன்றாவதற்கு 10. கட்டுரையின் பகுதிகளும் தாமாகவே பிரிந்துவிட்டன.

சோதனை ஒன்று சொல்கிறேன். உங்கள் வாதத்தில் 'நற்றிணை 172' என்பதை எடுத்துவிட்டு வேறு ஒரு பாட்டின் எண்ணைப் போடுங்கள். அப்போதும் வாக்கியம் பொருந்தினால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஒரு பத்தி எழுதிக் காட்டுகிறேன்

கட்டுரை 1500 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். அறிமுகமும் கோட்பாடும் சேர்ந்து 250 சொல்லைத் தாண்ட வேண்டாம். பாட்டின் வாசிப்புக்கு 900, எதிர் வாசிப்புக்கு 350. மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கோட்பாட்டுக்கு ஆறு பக்கம், பாட்டுக்கு ஒன்றரை. வாசிப்புப் பகுதியில் ஒரு பத்தி இப்படி இருக்கலாம்:

"பாட்டின் முதல் இரண்டு வரிகளில் மனிதருக்கு உரிய வினைகள் மூன்று: அழுத்துதல், மறத்தல், துறத்தல். மூன்றும் விதையை விட்டு விலகிச் செல்லும் திசையில் போகின்றன. விதைக்கு உரிய ஒரே வினையான 'அகைய' அதற்குப் பின்னரே வருகிறது. மரம் முளைத்தது மனிதரின் திட்டத்தால் நிகழவில்லை, அவர்கள் இல்லாதபோது நிகழ்ந்தது. மூன்றாம் வரியில் பெய்யப்படும் 'நெய்பெய் தீம்பால்' இந்த மறதிக்குப் பிந்திய ஈடுபாடு. அது கன்றுக்கு வேண்டிய உரமன்று, குழந்தைக்கு ஊட்டும் உணவு. வளர்த்தவர்கள் மரத்தைத் தாம் அறிந்த ஒரே பராமரிப்பு முறைக்குள், குழந்தை வளர்ப்புக்குள், கொண்டுவருகின்றனர். எனவே நான்காம் வரியில் அன்னை 'நுவ்வை' என்பது திடீரென வந்த கற்பனையன்று. பால் ஊற்றிய செயல் ஏற்கெனவே உண்டாக்கிவிட்ட உறவுக்கு அவள் பெயர் வைக்கிறாள். ஆயினும் 'சிறந்தது' என்னும் அஃறிணை முடிவு, அப்பெயருக்குள் மரம் முழுதாக அடங்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறது."

இந்தப் பத்தியில் சூழலியல் திறனாய்வு என்ற சொல்லே இல்லை. பராமரிப்பு, மனிதர் இல்லாதபோது நிகழ்வது, மரம் அடங்கவில்லை என்பது போன்ற சொற்களில் கோட்பாடு வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் பாட்டின் ஏதோ ஒரு சொல்லைத் தொடுகிறது. உங்கள் பத்தியை எழுதி முடித்ததும், பாட்டின் சொல் எதுவும் இல்லாத வாக்கியங்களுக்கு அடியில் கோடு போடுங்கள். அடுத்தடுத்து மூன்று கோடு விழுந்தால் அங்கே நீங்கள் பாட்டை விட்டு நகர்ந்துவிட்டீர்கள்.

வலம்புரிச் சங்கை மறந்துவிட்டோமே என்று கேட்பீர்கள். ஏழு, எட்டாம் வரிகளில் சங்கின் ஒலி பாணர் இசையைப் போல இருக்கிறது என்கிறாள். இயற்கையின் ஒலிக்கு மனிதக் கலை அளவுகோலாகிறது, அதுவும் 'விருந்தின் பாணர்', ஊருக்குப் புதியவர்கள். தலைவனும் வெளியிலிருந்து வருகிறவன்தான். இதை உள்ளுறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் இந்த வாதத்துக்கு அது வேண்டியதில்லை என்றால், ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டுவிட்டு நகருங்கள். கண்ணில் பட்ட எல்லாவற்றையும் சேர்த்தால் வாதம் மெலிந்துவிடும்.

அப்புறம் கடைசி வேலை. கட்டுரையை அச்செடுப்பதற்கு முன்னால், மேற்கோள் காட்டிய ஒவ்வொரு வரியையும் நீங்கள் தேர்ந்த பதிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இணையத்திலிருந்து ஒட்டிய பாட்டில் சந்தி பிரித்திருக்கும், சில இடத்தில் பாடமே மாறியிருக்கும். 'சிறந்தது' என்ற முடிவின் மேல் ஒரு பத்தி வாதத்தைக் கட்டியிருக்கிறீர்கள். அந்தச் சொல் உங்கள் பதிப்பில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறதா என்று பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.